அழித்துவிட்டோம் என்றார்கள்

வில்லியனூரைத் தாண்டி உள்ளே பிரியும் சாலையில், குழந்தைச் சாமான்கள் அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். கீழே டயப்பர் மூட்டைகளும் தொட்டில் பெட்டிகளும் கூரை வரைக்கும் நிற்கும். மேலே கம்ப்யூட்டரும் ஏசியுமாக நாங்கள் சிலர். எங்கள் முதலாளிக்குச் சுற்று வட்டாரத்தில் பல கடைகள். பாகூரில் ஒன்று, வில்லியனூரில் ஒன்று, இப்படி. எல்லாக் கடைகளின் பில்லும், சரக்கும், வாடிக்கையாளர் விவரமும் வந்து சேரும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

எங்கள் மேனேஜர் தன்னை ஐ.டி. ஹெட் என்று அழைத்துக்கொள்வார். சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது சில சொற்கள் மட்டுமே. வாடிக்கையாளரை அவர் வாடிக்கையாளர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'கஸ்டமர் ஜர்னி' என்பார். ஒரு பெண் கடைக்குள் வந்து பால்புட்டி வாங்கிப் போனால் அது பயணம். திரும்பி வராவிட்டால் அது 'லீக்கேஜ்'. இப்படிப் பேசுகிற ஒருவருக்கு மனிதர்கள் குழாயில் ஓடும் தண்ணீராகத்தான் தெரிவார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை, சம்பளம் வாங்குகிறவள்.

அவருடைய பெருமைக்குரிய படைப்பு 'குட்டி கிளப்'. நான் சேர்வதற்கு முன்பே அதைக் கட்டி முடித்திருந்தார். கர்ப்பிணிப் பெண் கடைக்கு வந்தால் பில் போடும் இடத்தில் அவளிடம் மொபைல் நம்பர், வீட்டில் இன்னொருவர் நம்பர், பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி, பிள்ளைக்கு யோசித்து வைத்த செல்லப் பெயர் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு சின்னத் தள்ளுபடி. அந்தத் தேதி வந்ததும் எங்கள் புரோகிராம் 'வரப்போகிறது' என்பதை 'பிறந்துவிட்டது' என்று தானே மாற்றிக்கொள்ளும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அதன் பிறகு மாதாமாதம் வாட்ஸப்பில் செய்தி போகும். இன்று உங்கள் குட்டி தலை நிமிர்த்துவான். இந்த மாதம் குப்புற விழுவான், அதற்கான மெத்தை எங்களிடம் உண்டு. கர்ப்பம் என்றால் குழந்தை, குழந்தை என்றால் விற்பனை. நடுவில் வேறு எதுவும் நடக்கலாம் என்பது அதை எழுதியவரின் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு நாள் ஒரு மெயில் வந்தது. பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். நாலே வரி. எட்டாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது, இனிச் செய்தி அனுப்ப வேண்டாம், உங்களிடம் என்னைப் பற்றி இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், ஆப்பில் 'என் கணக்கை அழி' என்ற பொத்தானையும் அழுத்திவிட்டேன். கோபமில்லை, வசவில்லை. அலுவலகக் கடிதம் மாதிரி எழுதியிருந்தாள்.

அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆப் ஸ்டோரில் நம் ஆப் இருக்க வேண்டுமானால் கணக்கை அழிக்க வழி வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. அதற்காக மேனேஜர் அதை வைத்திருந்தார். அழுத்தினால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் அட்டவணையில் அவள் பெயருள்ள வரியின் ஓரத்தில் 'அழிக்கப்பட்டது: ஆம்' என்று ஒரு அடையாளம் விழும். அவ்வளவுதான். பெயர் அப்படியே இருக்கும், நம்பர் அப்படியே இருக்கும், முகவரி அப்படியே இருக்கும். அவளால் ஆப்பில் நுழைய முடியாது. அவள் கண்ணுக்கு நாங்கள் மறைவோம். எங்கள் கண்ணுக்கு அவள் மறைய மாட்டாள். கூடவே, 'உங்கள் தரவு முழுமையாக அழிக்கப்பட்டது' என்று ஒரு கடிதமும் தானாகப் போகும். இதில் மேனேஜர் தன் பங்குக்கு அவள் மெயிலுக்கும் பதில் போட்டிருந்தார். மனப்பூர்வமான வருத்தங்கள், எல்லாம் அழித்துவிட்டோம், என்றும் உங்களுடன். கடைசியில் ஒரு சிவப்பு இதயம்.

"சார், உண்மையில நாம எதையும் அழிக்கலையே" என்றேன்.

"ஃபிளாக் போட்டாச்சுல்ல மேடம்? சாஃப்ட் டெலீட். இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்."

"மாசாமாசம் மெசேஜ் அனுப்புற ஜாப் அந்த ஃபிளாக்கைப் பாக்குதா?"

"அதெல்லாம் பாக்கும்" என்றார். பார்க்காது. அந்த ஜாப், அதாவது மாதாமாதம் தானாக ஓடிச் செய்தி அனுப்பும் புரோகிராம், வாடிக்கையாளர் அட்டவணையைத் தொடுவதே இல்லை. குழந்தைகள் அட்டவணையிலேயே அம்மாவின் நம்பரையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்கள், வேகமாக ஓடட்டும் என்று. அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கேட்க விருப்பமில்லாத நேரங்களில் அவருக்கு எப்போதும் ஒரு போன் வரும். எழுத்திலாவது இருக்கட்டும் என்று அவருக்கு ஒரு மெயில் போட்டேன். அதைத் திறந்து பார்த்ததற்கான எந்த அறிகுறியும் இல்லை.

சில நாளில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த செய்தி போனது. 'ஆறு மாதம்! உங்கள் குட்டிக்கு முதல் சோறு ஊட்டும் நேரம்.' பெயர் போட்டே போனது. அவர்கள் யோசித்து வைத்திருந்த அந்தச் செல்லப் பெயர். அவள் போனுக்கு ஒன்று, வீட்டு இரண்டாவது நம்பருக்கு ஒன்று.

மறுநாள் காலையில் ஒரு ஸ்கூட்டியில் இரண்டு பெண்கள் வந்து கிடங்கின் வாசலில் இறங்கினார்கள். படி ஏறி வரும்போதே பெரியவளின் குரல் முன்னால் வந்தது. சின்னவள்தான் மெயில் எழுதியவள்; இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். பெரியவள் அவள் மாமியார். இரண்டாவது நம்பர் அவருடையது.

"யாருப்பா இங்க பெரிய ஆளு?" என்றார் மாமியார்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே எழுந்தார். உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா, என்றார்.

"தண்ணி இருக்கட்டும் சார். எங்க வூட்டுப் புள்ளைக்கு ஆறு மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னது? பொறக்கவே இல்ல. சோறு ஊட்டணுமாம். யாருக்கு ஊட்டணும், நீங்களே சொல்லுங்க."

மேனேஜரிடம் இதற்கும் ஒரு பதில் இருந்தது. "அம்மா, அது டெக்னிக்கல் இஷ்யூ. உங்க டேட்டா எங்க சிஸ்டத்துலயே இல்ல. எப்பவோ அழிச்சாச்சு. வாட்ஸப் சைட்ல ஏதோ டிலே. பழசு வந்திருக்கும்."

சின்னவள் மேனேஜரைப் பார்க்காமல் என் மேசைக்கு வந்தாள். அவள் கண்ணில் நான்தான் கம்ப்யூட்டர் தட்டுகிற ஆள்.

"அக்கா, என் நம்பரைப் போட்டுப் பாக்க முடியுமா?"

மேனேஜர், "மேடம், அது கான்ஃபிடென்ஷியல்" என்றார்.

"அவங்க நம்பர் சார், அவங்களுக்கு என்ன கான்ஃபிடென்ஷியல்?" என்றேன். அந்த ஆளிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை. பேசியது நன்றாக இருந்தது.

நம்பரை வாங்கித் தட்டினேன். வந்தது. பெயர், தெரு, ஊர், பிரசவத் தேதி, பிள்ளைக்கு வைக்க நினைத்த பெயர், நிலை: பிறந்துவிட்டது. அதற்குக் கீழே வாங்கிய சாமான்கள். ஒரு தொட்டில் வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தாள். திருப்பிய காரணத்துக்கு எங்கள் பில்லிங்கில் நாலைந்து பதில்கள்தான் உண்டு: உடைசல், அளவு சரியில்லை, நிறம் மாறியது, பிடிக்கவில்லை. பில் போட்டவர் எதைத்தான் தேர்ந்தெடுப்பார்? 'பிடிக்கவில்லை' என்று இருந்தது.

அவள் அதைப் படித்தாள். மறைக்க நினைத்தேன், நேரமில்லை. மாமியாருக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை போல, "இன்னாடி போட்டிருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல அத்தை" என்றாள்.

மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னால் 'சிஸ்டத்துலயே இல்ல' என்று சொன்ன வாய். கன்னம் கூடச் சிவக்கவில்லை. வெட்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

நான் அவளிடம் சொன்னேன். "இதை நானே அழிக்கிறேன். அதுக்கு முன்னால, எங்ககிட்ட என்னென்ன இருக்குன்னு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கலாம். அழிச்சிட்டா திரும்பி வராது. வேணுமா?" மனதில் இருந்தது அந்தப் பெயர்தான். அது வேறு எங்காவது எழுதப்பட்டிருக்குமோ என்னவோ.

"வேணாங்க்கா" என்றாள். "எங்களுக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்குத்தான் இருக்கக் கூடாது."

அவர்கள் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கஸ்டமர் எதிரில் ஸ்கிரீனைக் காட்டியது புரொபஷனல் இல்லை என்று வகுப்பெடுத்தார். பிறகு, "சரி, டெலீட் பண்ணிடலாம். மெயின் டேபிள்ல கேஸ்கேட் போட்டு ஒரே அடியில தூக்கிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார். காலையில் 'எப்பவோ அழிச்சாச்சு' என்று சொன்ன காரியம் இப்போது ஐந்து நிமிஷ வேலை ஆகிவிட்டது.

அது ஐந்து நிமிஷ வேலை இல்லை. ஒரு வாடிக்கையாளர் என்பது ஒரு வரி அல்ல. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு முகவரி, குழந்தை, குடும்பத் தொடர்பு, ஆர்டர், ஆர்டருக்குள் ஒவ்வொரு சாமான், பில், திருப்பிய சரக்கு, பரிசுப் பட்டியல், விமர்சனம், கால் சென்டர் குறிப்பு, அனுப்பிய செய்திகள், இனிமேல் அனுப்பக் காத்திருக்கும் செய்திகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை. ஒவ்வொன்றிலும் அவளுக்கென்று சிஸ்டம் கொடுத்த உள் எண் இருக்கும். கீழே தொங்குகிற வரிகள் இருக்கும்வரை மேலே இருக்கிற வரியை அழிக்க டேட்டாபேஸ் விடாது. கேஸ்கேட் என்றால், மேலே ஒன்றை வெட்டினால் கீழே தொங்குகிற அத்தனையும் கேள்வி கேட்காமல் கூடவே போய்விடும். பில்கள் போய்விடும், ஆடிட்டர் வரிக் கணக்கு கேட்டால் இருக்காது. தொட்டில் திரும்பி வந்த கணக்கு போய்விடும். சரக்கு இருப்பு தவறும். பரிசுப் பட்டியலில் அவளுடைய தோழிகள் வாங்கிக் கொடுத்த பரிசுகள் இருந்தன. அவை அந்தத் தோழிகளின் ஆர்டர்கள். அவர்கள் யாரும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. இதையெல்லாம் சொன்னேன். "ஓ" என்றார் மேனேஜர். ஐ.டி. ஹெட்.

ஆடிட்டரிடம் நானே பேசினேன். பில்லை வைத்திருந்துதான் ஆக வேண்டும், ஆனால் இந்த மாதிரிச் சின்னச் சில்லறை பில்லில் வாங்கியவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். ஆக, தொகையும் சாமானும் வரியும் நிற்கும். பெயர், நம்பர், முகவரி போகும். பில்லை அவளோடு சேர்க்கும் உள் எண்ணும் போகும். பரிசுகள் தோழிகளின் ஆர்டராக நிற்கும். யாருக்கு என்ற இடம் காலியாகும்.

மேனேஜருக்கு அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. "குழந்தை டேட்டாவை மட்டும் வெச்சிக்கலாமே? அனலிட்டிக்ஸுக்கு யூஸ் ஆகும். நம்பரை ஹாஷ் பண்ணிடலாம். அனானிமஸ் ஆயிடும்." ஹாஷ் என்றால் நம்பரை ஒரு சூத்திரத்தில் போட்டு அடையாளம் தெரியாத எழுத்துக் குவியலாக மாற்றுவது.

"சார், மொபைல் நம்பர் பத்து இலக்கம்தான். இருக்கற எல்லா நம்பரையும் அதே சூத்திரத்துல போட்டுப் பாத்தா எது யாருதுன்னு சாதாரண லேப்டாப்லயே கண்டுபிடிச்சிடலாம். அது அனானிமஸ் இல்ல, முக்காடு."

"யார் அவ்வளவு மெனக்கெடப் போறாங்க?"

அழிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற தைரியத்தில் வைத்துக்கொள்வது. கடையில் திருடுகிறவன் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திருடுகிறான். முடியாது என்றேன். வேண்டுமானால் நீங்களே செய்து உங்கள் பெயரில் முதலாளிக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுப்பது என்றதும் அனலிட்டிக்ஸ் ஆசை விட்டுப்போனது.

முதலில் டேட்டாபேஸின் ஒரு சோதனைப் பிரதியில் செய்து பார்த்தேன். எந்த அட்டவணை எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்து, கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினேன். அது ஒழுங்காக இருந்தது. ஒழுங்கில்லாதவைதான் தொல்லை. கால் சென்டர் குறிப்புகளில் உள் எண்ணே இல்லை. யாரோ கையால் தட்டிய வாக்கியங்கள். அதனால் எழுத்து இருக்கிற எல்லா இடங்களிலும் அவள் நம்பரைத் தேடினேன். முன்னால் தொண்ணூற்றொன்றோடு, பூஜ்யத்தோடு, நடுவில் இடைவெளி விட்டு, இப்படி மக்கள் நம்பர் எழுதுகிற எல்லா விதத்திலும். மாமியார் நம்பரையும். ஒரு குறிப்பு கிடைத்தது. 'கஸ்டமர் அழுகிறார். பேபி இல்லை என்கிறார். பிறகு கூப்பிடவும். பத்து பர்சென்ட் ஆஃபர் சொல்லவும்.'

அதை நான் இரண்டு முறை படித்தேன். ஆக, எங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. அவளே ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் அதைத் தட்டி வைத்துவிட்டு, தள்ளுபடியோடு திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்துக்குக் கீழே மேனேஜர் 'குட் ஃபாலோ அப்' என்று போட்டிருந்தார்.

பிறகு உண்மையான டேட்டாபேஸில் செய்தேன். எல்லாக் கட்டளைகளும் ஒன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் நடக்கக் கூடாது என்று ஒரே கட்டாகக் கட்டி, எத்தனை வரி போகிறது என்று சோதனைப் பிரதியோடு ஒப்பிட்டு, சரியாக இருந்த பிறகே உறுதி செய்தேன். வெளியே வாட்ஸப் செய்தி அனுப்பிக் கொடுக்கும் கம்பெனியிடமும் எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இருந்தது. அங்கேயும் இரண்டு நம்பரையும் எடுக்க வைத்து, எடுத்ததை எழுத்தில் வாங்கினேன். மார்க்கெட்டிங் பையன் தன் லேப்டாப்பில் ஒரு எக்செல் கோப்பு வைத்திருந்தான். அதிலும் அவள். அழி என்றேன். "அக்கா, இது சும்மா பேக்கப்பு" என்றான். அழித்தான்.

மறுநாள் காலை வந்ததும் அவள் நம்பரைத் தட்டிப் பார்த்தேன். பழக்கம்தான், சந்தேகமில்லை. வந்தது. புது உள் எண்ணோடு, பெயர், ஊர், பிரசவத் தேதி எல்லாமாக அவள் மறுபடி உட்கார்ந்திருந்தாள்.

எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். பாகூர்க் கடை. இன்டர்நெட் இல்லாதபோதும் பில் போட வேண்டும் என்று ஒவ்வொரு கடையின் கம்ப்யூட்டரிலும் அந்தக் கடை வாடிக்கையாளர்களின் பிரதி ஒன்று உண்டு. ராத்திரி அது தன்னிடம் இருப்பதை மேலே அனுப்பும். மேலே அந்த நம்பர் இல்லையென்றால், புது வாடிக்கையாளர் போல என்று நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். நான் அழித்ததை அந்தக் கம்ப்யூட்டர் விடுபட்டதாக நினைத்து நிரப்பியிருக்கிறது. புதுக் குழந்தை வரியும் சேர்ந்ததால், அடுத்த செய்திக்கும் அவள் தயார்.

மேனேஜரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, உங்க மெத்தடும் ஃபெயில்தான்" என்றார். அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் அந்த ஆளுக்கு நான் அதுவரை கொடுத்து வைத்திருந்த சந்தேகத்தின் பலனும் போனது.

மேலே வந்ததை மறுபடி அழித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போனேன். வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள்; பின்னாலேயே ஊர்ந்தேன். கடையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பாய். ஐம்பது வயது இருக்கும், அந்த ஊரிலேயே பலசரக்கு வியாபாரம் செய்த குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே தெரிந்தது.

"தொட்டில் திருப்பிக் கொடுத்த பொண்ணு. அதும் வூட்டுக்காரன்தாம்மா தூக்கிட்டு வந்தான். பிரிக்கவே இல்ல, பெட்டியோட. காசைக் கையில குடுத்தேன், எண்ணாமப் பாக்கெட்டுல வெச்சுக்கினு போய்ட்டான்." கல்லாவை மூடினார். "நான் அன்னிக்கே உங்க ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னேன், இந்தப் பொண்ணுக்கு இனிமே மெசேஜ் போடாதீங்கன்னு. பாய், அதெல்லாம் சிஸ்டத்துல வராதுன்னுட்டாங்க."

"யாரு சொன்னது?"

"உங்க பெரியவருதான், அந்த மேனேஜரு."

கடைக் கம்ப்யூட்டரில் அவளை அழித்தேன். பில் பெயர்களைக் காலி செய்தேன். கிளம்பும்போது எதற்கோ, "உங்க போன்ல ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா பாய்?" என்றேன். தயங்கினார். கடைக்கென்று அவர் தன் சொந்த போனில் ஒரு வாட்ஸப் பட்டியல் வைத்திருந்தார், பண்டிகைக்குத் தள்ளுபடி சொல்ல. அதில் 'தொட்டில் பொண்ணு' என்ற பெயரில் அவள். இவரும்தான். மேனேஜர் அளவுக்கு இல்லை, ஆனால் இவரும்தான்.

"எடுத்துடுங்க" என்றேன். "எடுத்துட்டேம்மா" என்று போனைத் திருப்பிக் காட்டினார். காட்டியதாவது இருக்கிறதே.

அந்த வாரம் மீதி வேலையைச் செய்தேன். கடைக் கம்ப்யூட்டர்கள் மேலே எதையும் அனுப்பும் முன், அழிக்க வேண்டியவர்கள் யார் என்று முதலில் கீழே வாங்கி, தங்களிடம் அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று மாற்றினேன். பிரசவத் தேதி வந்ததும் பிறந்துவிட்டதாக எழுதிக்கொள்கிற அந்தப் புத்திசாலித்தனத்தைப் பிடுங்கிப் போட்டேன். பழைய பேக்கப்புகளுக்குள் அவள் இன்னும் இருந்தாள். பேக்கப் கோப்புக்குள் கையை விட்டு ஒரு ஆளை மட்டும் எடுக்க முடியாது. அவை சில வாரங்களில் பழையதாகித் தானே போய்விடும். அதற்குள் ஏதாவது கெட்டுப்போய்ப் பேக்கப்பைத் திரும்ப ஏற்ற நேர்ந்தால், அவளை மறுபடி அழிக்க வேண்டும் என்று பழைய உள் எண்ணை மட்டும், பெயரும் நம்பரும் இல்லாமல், தனியாக வைத்தேன்.

அவளுக்குக் கடிதம் எழுதினேன். எவை அழிந்தன, பெயரில்லாமல் எந்தப் பில்கள் ஏன் நிற்கின்றன, பேக்கப்பில் எவ்வளவு காலம் இருக்கும், முதல் முறை நாங்கள் அனுப்பிய கடிதம் பொய். மேனேஜர் அதில் பேக்கப் பத்தியையும் கடைசி வாக்கியத்தையும் எடுக்கச் சொன்னார். "இவ்வளவு ஓப்பனா சொன்னா டிரஸ்ட் போயிடும்" என்றார். எந்த டிரஸ்ட் என்று நான் கேட்கவில்லை. முதலாளியிடம் போனோம். முதலாளி நல்லவர் என்று சொல்ல வரவில்லை. தரவைப் பாதுகாக்க வந்திருக்கும் புதுச் சட்டத்தில் பெரிய அபராதம் போடுவார்களாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள், முகம் வெளுத்திருந்தது. "உள்ளதை உள்ளபடி அனுப்பும்மா" என்றார். நியாயத்துக்கு வராத மனிதர்கள் பயத்துக்கு வந்தால் எனக்குப் போதும்.

கடிதம் போனது. அவள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மாதம் கழித்து மாமியார் மட்டும் அலுவலக நம்பருக்குப் போன் செய்தார். "இந்த மாசம் ஒண்ணும் வர்ல" என்றார். "இனிமே வராதுங்கம்மா" என்றேன். "வரக் கூடாது" என்று வைத்துவிட்டார். நன்றி எல்லாம் இல்லை. எதற்கு?

அதற்குப் பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன். 'அழிக்கப்பட்டது: ஆம்' என்ற அடையாளத்தோடு எத்தனை பேர் எங்களிடம் முழுசாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். திரை நிரம்பி, கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் 'முழுமையாக அழிக்கப்பட்டது' என்ற அந்தக் கடிதம் போயிருக்கிறது. மேனேஜரிடம் காட்டினேன்.

"கம்ப்ளெயின்ட் பண்ணவங்களுக்கு மட்டும் பண்ணுங்க மேடம்."

"இவங்க எல்லாரும் கேட்டவங்கதான் சார்."

"கேட்டாங்க. கம்ப்ளெயின்ட் பண்ணலையே."

முதலாளியிடம் நேராகப் போனேன். அபராதம் என்ற ஒரே வார்த்தையைச் சொன்னேன். ஒருவர் விடாமல் அழித்தேன், வாரக்கணக்கில் ஆனது.

அந்த வருடக் கம்பெனி விழாவில் மேனேஜர் மேடையில் ஏறி, 'பிரைவஸி ஃபர்ஸ்ட்' என்று ஒரு பவர்பாயின்ட் போட்டார். அட்டவணைகளைக் கீழிருந்து மேலாக அழிக்கும் வரிசையை நான் வரைந்திருந்த படத்தை அம்புக்குறிகளோடு அழகாக்கி வைத்திருந்தார். முதலாளி கைதட்டினார். கடைசிப் பக்கத்தில் அடுத்த திட்டம்: அழி என்ற பொத்தானை அழுத்துகிறவர்களுக்குக் கண்ணீர் விடும் கரடிப் பொம்மை ஒன்று திரையில் வந்து, 'போகாதீங்க! இருபது பர்சென்ட் கூப்பன்' என்று சொல்லும். விழா முடிந்து பிரியாணி பரிமாறும்போது தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று, திங்கட்கிழமை அதை ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். ஏன் என்றார். விளக்கவில்லை. விளக்கினால் புரிந்துகொள்கிற ஆளுக்கு அந்தக் கரடி தோன்றியே இருக்காது. அவர் வேறு ஒரு பையனை வைத்துச் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, வெங்காயப் பச்சடி எங்கே என்று தேடிக்கொண்டு போனார்.